படத்தில் சரிகை, சேலையில் இல்லை

ஒரு கண்டாங்கிச் சேலையை இணையத்தில் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடுகு மஞ்சள் உடல், அதில் அரக்கு நிறக் கட்டங்கள், இரண்டு பக்கமும் 4 அங்குல அரக்குக் கரை. சுத்தமான பருத்தி; சரிகை கிடையாது. நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்ததில்லை. மாடலுக்கும் ஸ்டுடியோவுக்கும் கையில் பணமில்லாத கடைக்காரர், சேலையைக் கைபேசியில் படம் எடுத்து, ஏஐ செயலி ஒன்றில் ஏற்றுகிறார். செட்டிநாட்டு முற்றம், மரத் தூண், நகை போட்ட பெண் என்று விளம்பரம் தயார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கரையில் தங்கச் சரிகை மின்னுகிறது, பருத்தி பட்டாய்ப் பளபளக்கிறது, அந்தப் பெண் சேலைக்கு இணையான ரவிக்கையும் போட்டிருக்கிறாள்.

கண் தெரிந்தவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'இது ஏஐ வேலை போலிருக்கிறதே' என்று சந்தேகப்படலாம். பார்வை இல்லாதவருக்கு அந்த வழி இல்லை. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள், படத்தோடு இணைத்திருக்கும் மாற்று உரையைப் படித்துச் சொல்லும். அது எழுதப்படாவிட்டால் சில சமயம் கோப்பின் பெயரை, எண்ணும் எழுத்துமாக, ஒப்பிக்கும்.

இங்கே இரண்டு குறுக்குவழிகள் கடைக்காரரை இழுக்கும். படம் கேட்டு ஏஐக்குக் கொடுத்த வாசகத்தையே மாற்று உரையாக ஒட்டிவிடுவது ஒன்று. படத்தை இன்னொரு மென்பொருளிடம் காட்டி, 'விவரி' என்று கேட்பது மற்றொன்று. முதலாவது நாம் எதைக் கேட்டோம் என்பதைச் சொல்லும். இரண்டாவது படத்தில் என்ன விழுந்தது என்பதைச் சொல்லும். 'தங்கக் கரைப் பட்டுச்சேலை அணிந்த பெண் தூண் அருகே நிற்கிறாள்' என்று அது எழுதினால், படத்தின் பொய் எழுத்தாகவும் மாறிவிட்டது. விற்கும் சேலை இரண்டிலுமே இல்லை. அதனால் மாற்று உரையை எழுதுபவர் சேலையை மேசைமேல் விரித்து, அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

படத்தைத் திருத்த முடிந்தால் முதலில் அதைச் செய்வதே நல்லது. முடியாதபோது மாற்று உரையும் படக்குறிப்பும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்:

```html
<figure>
<img src="kandangi-1.jpg" alt="கடுகு மஞ்சள் பருத்திச்
சேலை உடுத்திய பெண். அரக்கு நிறக் கட்டங்கள்,
4 அங்குல அரக்குக் கரை.">
<figcaption>ஏஐ உருவாக்கிய படம். கரையில் தெரியும்
சரிகையும் பளபளப்பும் சேலையில் இல்லை.
ரவிக்கைத் துணி தரப்படாது.</figcaption>
</figure>
```

மாற்று உரை பொதுவாகத் திரையில் தெரியாது. படக்குறிப்பு எல்லோருக்கும் தெரியும். எனவே படத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பில்தான் போட வேண்டும். சரிகையைப் பார்த்து ஏமாறக்கூடியவர் கண் தெரிந்தவரும்தானே. இரண்டிலும் ஒரே வாசகத்தை வைத்தால் கேட்பவர் அதையே இருமுறை கேட்க நேரும். 'படத்தில் காணப்படுவது' என்ற தொடக்கமும் வேண்டாம். அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

முற்றமும் தூணும் எங்கே போயின? சேலை வாங்க அவை தேவையில்லை. பக்கத்தின் தலையில் வெறும் அலங்காரமாக ஒரு முற்றப் படம் இருந்தால், அதற்கு `alt=""` என்று காலியாக விட வேண்டும். திரைவாசிப்பான் தாண்டிப் போய்விடும். அடுத்தது முந்தானைப் படமா? முந்தானையை மட்டும் சொன்னால் போதும். ஐந்து படத்திலும் 'கண்டாங்கி காட்டன் சேலை சிறந்த விலை' என்று தேடுபொறிக்காகத் திணிப்பது, கேட்பவரை அடுத்த கடைக்கு அனுப்பும் வேலை.

பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவர் அதை உடுத்திக்கொண்டு நாலு பேர் நடுவில்தானே போகப்போகிறார்! பொருந்தும் ரவிக்கை எடுக்க வேண்டும். பலர் இடையில் பார்வை இழந்தவர்கள், ஓரளவு தெரிகிறவர்களும் உண்டு. 'மாலை மயக்கம்' என்று நிறத்துக்குப் பெயர் வைத்தால் யாருக்கும் புரியாது. கடுகு மஞ்சள் என்றால் புரியும்.

பண்டிகைக் காலத்தில் இன்னொரு தொல்லை வரும். தள்ளுபடி விவரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொன்னால் ஏஐ தமிழ் எழுத்துகளைச் சிதைத்துவிடக்கூடும். சரியாக விழுந்தாலும் அது வெறும் படம், திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. விலையையும் கடைசித் தேதியையும் பக்கத்தில் எழுத்தாகவே போட வேண்டும்.

எழுதியது சரியா என்று பார்க்க, டாக்பேக்கை இயக்கி, சேலையைப் பார்த்திராத ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைக் கேட்கச் சொல்லலாம். கரை எவ்வளவு அகலம், சரிகை உண்டா, ரவிக்கைத் துணி வருமா என்று அவரைக் கேளுங்கள். பதில் வராத இடத்தில் எழுத்து குறைகிறது. அடுத்த தறிச்சரக்கில் கரை 3 அங்குலமாகக் குறைந்தால் படம் அப்படியே ஒப்பேறிவிடும். மாற்று உரையில் இருக்கும் 4-ஐ அன்றைக்கே மாற்ற வேண்டும்.