ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு கிடைக்கும்?

யூடியூபில் ஆயிரம் பார்வைக்குச் சேனலின் கைக்கு வரும் தொகை ஆர்.பி.எம். எனப்படும். ஆயிரம் முறை விளம்பரம் காட்ட விளம்பரதாரர் கொடுக்கும் விலை சி.பி.எம். இரண்டும் ஒன்று என்று எண்ணிக் கணக்குப் போடுபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு வீடியோவை ஆயிரம் பேர் பார்த்தாலும் எல்லோருக்கும் விளம்பரம் வருவதில்லை. 400 பார்வைகளில் மட்டும் விளம்பரம் ஓடியது, அப்படிப்பட்ட ஆயிரம் பார்வைக்கு விளம்பரதாரர்கள் 250 ரூபாய் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 100 ரூபாய். நீள வீடியோ விளம்பரங்களில் சேனலின் பங்கு 55 சதவீதம். ஆக ஆர்.பி.எம். 55 ரூபாய்தான். 250 என்ற எண்ணை வைத்துக் கனவு கண்டவருக்கு அதில் கால்வாசிகூடத் தேறாது.

அந்த 250 ரூபாயும் நிலையான விலை அல்ல. ஒவ்வொரு முறை விளம்பரம் காட்டும்போதும் கணினி வழியே நொடிக்குள் ஏலம் நடந்து முடிகிறது. வீட்டுக்கடன், காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் பற்றிய வீடியோவைப் பார்ப்பவர் விரைவில் வாடிக்கையாளர் ஆகக்கூடும். அப்படி ஒருவர் கிடைத்தாலே நிறுவனத்துக்கு நல்ல லாபம் என்பதால் துணிந்து ஏலம் கேட்கிறார்கள். நகைச்சுவைத் துணுக்குக்கு வரும் கூட்டம் பெரிது; ஆனால் அவர்கள் எதை வாங்கப் போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. குழந்தைகளுக்கான வீடியோக்களின் நிலை இன்னும் மோசம். பார்ப்பவரின் விருப்பத்தை அறிந்து காட்டும் விளம்பரங்களுக்கு 2020 ஜனவரி முதல் அங்கே இடமில்லை. எட்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதால், ஒரே தலைப்பிலும் நீளத்தைப் பொறுத்து வருமானம் மாறும்.

நாடு என்பது பார்ப்பவர் இருக்கும் நாடு. மதுரையில் எடுத்த சமையல் வீடியோவை டொராண்டோவில் ஒருவர் பார்த்தால், கனடாவில் விற்க நினைக்கும் நிறுவனங்கள்தான் ஏலத்தில் நிற்கும். அங்கே ஒரு வாடிக்கையாளரின் செலவு அதிகம், விளம்பர விலையும் அதிகம். புலம்பெயர்ந்த தமிழர்கள் விரும்பிப் பார்க்கும் சேனல்கள் குறைந்த பார்வையிலும் நன்றாகச் சம்பாதிப்பது இதனால்தான்.

பருவமும் அப்படியே. நம் ஊரில் தீபாவளிக்கு முன் ஜவுளி, நகை, வீட்டு உபயோகப் பொருள் கடைகள் ஏலத்தில் முட்டி மோதும். அமெரிக்காவில் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை உச்சம். ஆண்டு விளம்பரப் பணம் தீர்ந்த பிறகு ஜனவரியில் விலை சரியும். ஜனவரிச் சரிவைக் கண்டு வீடியோவில்தான் ஏதோ கோளாறு என்று பதறுபவர்கள் உண்டு. பார்வையும் பார்த்த நேரமும் குறையாமல் ஆர்.பி.எம். மட்டும் விழுந்திருந்தால், முதலில் காலண்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சராசரி ஆர்.பி.எம். இவை எல்லாம் கலந்த எண். எனவே அதை நேராகப் பெருக்குவது தவறு. ஒரு சேனலுக்கு மாதம் 2 லட்சம் பார்வை என்று கொள்வோம். இந்தியாவிலிருந்து 1,60,000 பார்வை, ஆயிரத்துக்கு 40 ரூபாய் வீதம் 6,400 ரூபாய். வெளிநாட்டிலிருந்து 40,000 பார்வை, 150 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். மொத்தம் 12,400, சராசரி ஆர்.பி.எம். 62 ரூபாய். அடுத்த மாதம் ஒரு வீடியோ வைரலாகி, இந்தியாவிலிருந்து மட்டும் கூடுதலாக 3 லட்சம் பார்வை வருகிறது. 62 ரூபாயை வைத்துப் பெருக்கினால் 5 லட்சம் பார்வைக்கு 31,000 ரூபாய் வரவேண்டும். உண்மையில் கூடுவது 12,000 மட்டுமே, மொத்தம் 24,400. ஆர்.பி.எம். 49 ரூபாய்க்கு இறங்கியும் வருமானம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

ஆகவே யூடியூப் ஸ்டுடியோவில் நாடு வாரியாக வருமானத்தையும் பார்வையையும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனியே பெருக்கிக் கூட்டுவதே சரி. போன மாதத்தை விட, போன ஆண்டின் இதே மாதம் நல்ல அளவுகோல். ஷார்ட்ஸை இதில் கலக்கவே கூடாது. அதன் விளம்பரப் பணம் பொதுத் தொகுப்பில் சேர்ந்து பார்வைக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. சேனலின் பங்கும் 45 சதவீதம்தான். புதிய சேனலுக்குப் பழைய கணக்கு இருக்காது; குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என இரண்டு போட்டு, குறைந்ததை நம்பிச் செலவைத் திட்டமிடுவது நல்லது.

ஸ்டுடியோவில் தெரிவது உத்தேசத் தொகை. போலிப் பார்வைக்கான பணம் கழிக்கப்பட்டு, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் இறுதிக் கணக்கு வரும். அமெரிக்கப் பார்வையாளர்களால் கிடைக்கும் பங்குக்கு அந்நாட்டு வரியும் பிடிக்கப்படும். வரி விவரம் தரத் தவறினால், உலகெங்குமிருந்து வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்தம் ஆகலாம்.