மூத்த பிள்ளைக்கு வில்சன் நோயா? தம்பி தங்கையையும் பாருங்கள்



சோறு, பருப்பில் உள்ள செம்புச் சத்தில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். வில்சன் நோயில் அது நடக்காது. செம்பு கல்லீரலிலும், பிறகு மூளையிலும் சேரும். மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், கை நடுக்கம் வரலாம்.

இது செம்புக் குடத்துத் தண்ணீரால் வருவதில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும். அவர்களுக்கு நோய் இருக்காது. சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும்.

தாய்மாமனைக் கட்டிய ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இருவரும் ஓடியாடி விளையாடினாலும், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் ஓரத்தில் பழுப்பு வளையம் மூன்றையும் பார்க்கணும். வளையம் இல்லாததால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பென்சிலமின் மாத்திரை செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாக மாத்திரை குடலிலேயே தடுக்கும். எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். சாப்பாட்டோடு சேர்க்காமல், ஒரு மணி நேரம் முன்னதாகப் போடணும்.

‘நல்லாயிடுச்சே’ன்னு நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும். கர்ப்ப காலத்திலும் நாமாக நிறுத்தக் கூடாது, டாக்டர் அளவை மாற்றித் தருவார்.