ஐந்நூறு இலைக்குச் சாம்பார்: பெருக்கலில் அடங்காத கணக்கு

பத்துப் பேருக்கு 2 லிட்டர் சாம்பார் தரும் வீட்டுக் குறிப்பை 500 பேர் பந்திக்கு விரிப்பவர் முதலில் காண வேண்டியது பெருக்கெண்ணை, அதாவது தேவைப்படும் அளவைக் குறிப்பின் அளவால் வகுத்துப் பெறும் 50 என்ற எண்ணை ஆகும். துவரம்பருப்பு 250 கிராம் என்பது 12.5 கிலோவாகவும், புளி 40 கிராம் என்பது 2 கிலோவாகவும் விரியும். கரண்டி, கைப்பிடி ஆகியவற்றை அப்படியே 50 மடங்காக்கக் கூடாது. ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் எடையில் வேறுபடுவதால், அவற்றை ஒருமுறை தராசிலிட்டுக் கிராமாக்கிய பின்பே பெருக்குதல் முறை. பெருக்கிய விடையை மீண்டும் 500 ஆல் வகுத்தால் தலைக்குப் பருப்பு 25 கிராம் வரவேண்டும். 250 என்றோ 2.5 என்றோ வந்தால் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்பது மளிகை வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

தண்ணீர் மட்டும் இந்தப் பெருக்கலுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரே வடிவமுள்ள பாத்திரத்தின் கொள்ளளவு 50 மடங்காகும்போது, ஆவி வெளியேறும் மேற்பரப்பு சுமார் 14 மடங்கே பெருகுகிறது. ஆகவே வீட்டில் ஊற்றும் 2 லிட்டரில் கால் பங்கு வற்றினாலும், அண்டாவில் 100 லிட்டர் ஊற்றினால் அதே பங்கு வற்றாமல் சாம்பார் நீர்த்துவிடும். இதற்கு நல்ல வழி, வெற்று அண்டாவில் பத்துப் பத்து லிட்டராக நீரூற்றி ஒரு நீண்ட கழியில் வெட்டுக்குறி இட்டுக்கொண்டு, சமைக்கும்போது 75 லிட்டரில் தொடங்கி, இறுதியில் கொதிநீர் சேர்த்து 100 லிட்டர்க் குறியை எட்டுவதே. உப்பு, புளி, மிளகாய் மூன்றிலும் கணக்கிட்டதில் முக்கால் பங்கை முதலில் இட்டு, அளவு நிலைத்த பின் சுவைத்து மீதியைச் சேர்ப்பது பாதுகாப்பானது. மிகுந்துவிட்ட உப்பை 100 லிட்டரிலிருந்து எடுக்க இயலாது.

வாங்கும் எடையும் சமைக்கும் எடையும் ஒன்றல்ல. உரித்த சின்ன வெங்காயம் 5 கிலோ தேவைப்பட்டு, தோலும் அழுகலும் நூற்றுக்குப் பத்து எனில், 5 ஐ 0.9 ஆல் வகுத்து ஏறக்குறைய 5.6 கிலோ வாங்க வேண்டும். விலையையும் இந்த வாங்கும் எடைக்கே போட வேண்டும்.

எடுத்துக்காட்டாகப் பருப்பு கிலோ 140 ரூபாய் எனக் கொண்டால் 1,750 ரூபாயும், வெங்காயம், காய், புளி, எண்ணெய், பொடி முதலியவற்றுக்கு மற்றொரு 1,750 ரூபாயும் ஆகி மொத்தம் 3,500, அதாவது சாம்பாருக்கு மட்டும் இலைக்கு 7 ரூபாய் வரும். ஆனால் பந்தியில் குறைபடாதிருக்கப் பத்து விழுக்காடு கூடுதலாகச் சமைத்தால் செலவு 3,850 ஆகும். இதைச் சமைத்த 550 ஆல் வகுப்பது பலர் செய்யும் பிழை; பணம் வருவது 500 இலைக்கே என்பதால் உண்மைச் செலவு 7 ரூபாய் 70 காசு. இந்த 70 காசை விலையில் சேர்க்காதவர் சாம்பார் ஒன்றில் மட்டும் 350 ரூபாயைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார். கூலி, எரிவாயு, இலை, வண்டி வாடகை ஆகியவை இதற்கு வெளியே தனியாக நிற்கின்றன.