கிளை பிரியும் இடத்தில் நிற்கும் பைப்லைன்

எளிய ரிஸ்க் செயலி ஒன்று ஒரு கட்டளையை முடிக்க ஐந்து படிகளைக் கடக்கிறது. முதல் படியில் கட்டளை நினைவகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டாம் படியில் அது என்ன கட்டளை என்று பிரித்தறியப்பட்டு, வேண்டிய ரெஜிஸ்டர்கள் படிக்கப்படுகின்றன. மூன்றாம் படியில் கணக்கு நடக்கிறது. நான்காம் படியில், தேவைப்பட்டால், நினைவகத்தில் படிப்பதோ எழுதுவதோ நடக்கிறது. ஐந்தாம் படியில் விடை ரெஜிஸ்டருக்குள் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளாக் சுற்று ஆகும்.

ஒரு கட்டளை முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்குவது என்றால், எந்த நேரத்திலும் ஐந்தில் நான்கு பகுதிகள் சும்மா இருக்கும். அதனால் ஒரு கட்டளை இரண்டாம் படிக்கு நகர்ந்தவுடனே அடுத்த கட்டளை முதல் படிக்குள் நுழைகிறது. இதுதான் பைப்லைன். தனியொரு கட்டளைக்கு ஐந்து சுற்று ஆவதில் மாற்றமில்லை. ஆனால் வரிசை நிரம்பிய பின், சுற்றுக்கு ஒரு கட்டளை முடிந்து வெளியே வருகிறது. 1980களில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னசியின் குழுவும் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனின் குழுவும் ரிஸ்க் செயலிகளை வடிவமைத்தபோது, கட்டளைகளை ஒரே நீளத்தில் எளிமையாக வைத்ததற்கு முக்கியக் காரணம் இந்த ஓட்டம் தடைபடக் கூடாது என்பதே.

இருந்தும் அது தடைபடத்தான் செய்கிறது. அப்படித் தடைபடும் நிலைகளை ஹசார்டு என்கிறார்கள். ஒரே நினைவகத்தை இரண்டு கட்டளைகள் ஒரே சுற்றில் கேட்பது ஒரு வகை. கட்டளைகளுக்குத் தனி கேஷ், தரவுக்குத் தனி கேஷ் என்று பிரித்துவிட்டால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் தீராதவை. ஒன்று, முந்தைய கட்டளையின் விடைக்காக அடுத்தது காத்திருப்பது. மற்றொன்று, அடுத்து எந்தக் கட்டளை என்பதே தெரியாமல் போவது. இந்த இரண்டாவதைக் கொண்டுவருபவை கிளைக் கட்டளைகள்.

ஆயிரம் எண்களைக் கூட்டும் ஒரு லூப்பை எடுத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். ரிஸ்க்-ஃபைவ் மொழியில் அது நான்கே வரி:

```
loop: lw   t0, 0(a0)
      add  t1, t1, t0
      addi a0, a0, 4
      bne  a0, a1, loop
```

`a0` அடுத்த எண் இருக்கும் முகவரி. `a1` பட்டியல் முடியும் முகவரி. கூட்டுத்தொகை `t1`இல் சேர்கிறது. முதல் வரி எண்ணைக் கொண்டுவருகிறது, இரண்டாவது கூட்டுகிறது, மூன்றாவது முகவரியை நான்கு பைட் தள்ளுகிறது. நான்காவதுதான் கிளை: முடிவு முகவரியை இன்னும் எட்டவில்லை என்றால் மறுபடி மேலே போ.

முதல் சிக்கல் இரண்டாம் வரியிலேயே வந்துவிடுகிறது. `add` கணக்குப் படிக்கு வரும்போது அதற்கு `t0` வேண்டும். ஆனால் `lw` அப்போதுதான் நினைவகப் படியில் இருக்கிறது. எண் கைக்கு வருவது அந்தச் சுற்றின் முடிவில். சாதாரணக் கணக்குக் கட்டளையின் விடை என்றால், அது ரெஜிஸ்டரில் எழுதப்படும்வரை காத்திராமல் குறுக்குக் கம்பி வழியே நேராக அடுத்த கட்டளைக்குத் தந்துவிடலாம். இதற்கு ஃபார்வர்டிங் என்று பெயர். நினைவகத்திலிருந்து வரும் எண்ணுக்கு அதுவும் முழுதாக உதவாது, இன்னும் வராத ஒன்றை எந்தக் கம்பியாலும் தர முடியாது. எனவே `add` ஒரு சுற்று நிற்கிறது. அந்தச் சுற்றில் கணக்குப் படிக்குள் எதுவும் நுழையாது.

இனி `bne`. அது கணக்குப் படியை அடைந்து, `a0`வையும் `a1`ஐயும் ஒப்பிட்ட பிறகுதான் மேலே போவதா கீழே போவதா என்பது தெரியும். அதற்குள் இரண்டு சுற்றுகள் கடந்துவிட்டன, அவற்றில் செயலி சும்மா இருக்கவில்லை. கீழே அடுத்தடுத்து இருந்த இரண்டு கட்டளைகளை எடுத்து உள்ளே விட்டிருக்கிறது. ஆயிரத்தில் 999 தடவை அவை தவறான கட்டளைகள். லூப்புக்கு வெளியே இருக்கவேண்டியவை அவை.

அவற்றால் கேடு வராததற்குக் காரணம் படிகளின் வரிசைதான். நினைவகத்தை மாற்றுவது நான்காம் படியிலும் ரெஜிஸ்டரை மாற்றுவது ஐந்தாம் படியிலும் மட்டுமே நடக்கும். கிளையின் முடிவு தெரியும் கணத்தில் தவறான கட்டளைகள் முதல் இரண்டு படிகளில்தான் இருக்கின்றன. எதையும் தொட்டிருக்க முடியாது. செயலி அவற்றை எதுவும் செய்யாத கட்டளைகளாக மாற்றிவிட்டு, அடுத்த சுற்றில் சரியான இடத்திலிருந்து எடுக்கத் தொடங்குகிறது. விடை பிழையாகாது. இரண்டு சுற்றுகள் மட்டும் வீண். ஆக, நான்கு கட்டளைக்கு நான்கு சுற்று, `lw`வுக்காக ஒன்று, கிளைக்காக இரண்டு: ஒரு முறை சுற்றிவர ஏழு சுற்றுகள்.

இந்த இழப்பு எங்கும் பிழைச் செய்தியாக வராது. நிரல் சரியாகவே ஓடும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ரிஸ்க்-ஃபைவில் கடந்த சுற்றுகளை `rdcycle` என்ற கட்டளையாலும் முடிந்த கட்டளைகளை `rdinstret` என்ற கட்டளையாலும் படிக்கலாம். லூப்புக்கு முன்னும் பின்னும் இரண்டையும் படித்துக் கழித்து வகுத்தால், தடையே இல்லாத ஓட்டத்தில் விடை ஒன்றை ஒட்டி இருக்கும். இந்த லூப்பில் அது ஏறத்தாழ 1.75 என்று வரும்.

கிளையின் முடிவை முன்னதாகவே எடுத்துவிட்டால் என்ன என்பது இயல்பாக எழும் யோசனை. இரண்டாம் படியில் ரெஜிஸ்டர்கள் படிக்கப்பட்டவுடனே ஒப்பிடுவதற்கென்று ஒரு சிறு சுற்றை அங்கேயே வைத்தால், தவறாக உள்ளே வரும் கட்டளை ஒன்றாகக் குறையும். ஆறு சுற்றில் முடியவேண்டும். ஆனால் மேலே உள்ள வரிசையில் எண்ணிப் பார்த்தால் அதே ஏழுதான் வருகிறது. `bne`க்கு வேண்டிய `a0`வை மாற்றும் `addi` அதற்கு நேர் முன்னால் நிற்கிறது. கிளை இரண்டாம் படியில் இருக்கும்போது `addi` கணக்குப் படியில்தான் இருக்கிறது; விடை இன்னும் தயாராகவில்லை. எனவே கிளை ஒரு சுற்று காத்திருக்கிறது. ஒரு பக்கம் மிச்சம் பிடித்தது மறுபக்கம் போய்விட்டது. அந்த ரெஜிஸ்டரை நிரப்புவது `lw`வாக இருந்தால், ஒன்றோடொன்று கோத்த பட்டியலைத் தொடர்ந்து போகும் லூப்களில் நடப்பதுபோல, காத்திருப்பு இரண்டு சுற்றாகும்.

தீர்வு வன்பொருளில் இல்லை, வரிசையில் இருக்கிறது. `addi`யை ஒரு வரி மேலே ஏற்றினால் போதும்:

```
loop: lw   t0, 0(a0)
      addi a0, a0, 4
      add  t1, t1, t0
      bne  a0, a1, loop
```

இப்போது `lw`வுக்கும் `add`க்கும் இடையே ஒரு கட்டளை வந்துவிட்டது, `t0` நேரத்துக்குக் கிடைக்கிறது. `addi`க்கும் `bne`க்கும் இடையேயும் ஒன்று வந்துவிட்டது, கிளையும் காத்திருப்பதில்லை. மிச்சம் இருப்பது கிளைக்குப் பின் வீணாகும் ஒரே சுற்று. ஏழு ஐந்தாகிவிட்டது. கம்பைலர்கள் இந்த இடமாற்றத்தைத் தாமாகவே செய்கின்றன. எந்தச் செயலிக்காக மொழிபெயர்க்கிறோம் என்பதைக் கம்பைலரிடம் சொல்வதில் பலன் இருப்பது இதனால்தான்.

அந்தக் கடைசிச் சுற்றையும் விடக்கூடாது என்று நினைத்த 1980களின் வடிவமைப்பாளர்கள் துணிச்சலான ஒரு விதியைப் போட்டார்கள். கிளைக்கு அடுத்து நிற்கும் கட்டளை, கிளை எந்தப் பக்கம் போனாலும் நிறைவேறியே தீரும். அந்த இடத்துக்கு டிலே ஸ்லாட் என்று பெயர். ஐபிஎம்மின் 801 ஆராய்ச்சிக் கணினியிலும் பெர்க்லி ரிஸ்க்கிலும் இந்த எண்ணம் இருந்தது. 1986இல் சந்தைக்கு வந்த மிப்ஸ் ஆர்2000 செயலியில் அது கட்டளைத் தொகுதியின் சட்டமாகவே ஆனது. அதே லூப் மிப்ஸில் இப்படி எழுதப்படலாம்:

```
loop: addiu $a0, $a0, 4
      lw    $t0, -4($a0)
      bne   $a0, $a1, loop
      addu  $t1, $t1, $t0
```

முகவரியை முதலில் தள்ளிவிட்டதால் `lw` நான்கு பைட் பின்னோக்கிப் படிக்கிறது. கூட்டல் கிளைக்குக் கீழே போய்விட்டது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. நான்கு கட்டளை, நான்கு சுற்று, ஒன்றும் வீணில்லை. கணினிப் பொறியியலில் இவ்வளவு நேர்த்தியான விடை அபூர்வம்.

அந்த நேர்த்திக்குப் பின்னால் ஒரு கடன் இருந்தது. ஸ்லாட்டில் வைக்கத் தகுந்த கட்டளை கிடைக்காதபோது கம்பைலர் அங்கே `nop` என்ற வெற்றுக் கட்டளையை வைக்கவேண்டும். சுற்றும் வீண், நினைவகத்தில் இடமும் வீண். ஸ்லாட்டில் உள்ள கட்டளை பிழையில் சிக்கினால் அதிலிருந்து மட்டும் மறுபடி தொடங்க முடியாது, கிளையிலிருந்தே தொடங்கவேண்டும். அதைக் குறித்துவைக்க மிப்ஸில் தனியாக ஒரு பிட்டே ஒதுக்கப்பட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் 1991இல் வந்த ஆர்4000இல் வெளிப்பட்டது. அதன் பைப்லைனுக்கு எட்டுப் படிகள். கிளையால் வரும் தாமதம் மூன்று சுற்று. பழைய நிரல்களோ ஒரே ஒரு ஸ்லாட்டை நம்பி எழுதப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட பைப்லைனின் உள் அமைப்பைக் கட்டளைத் தொகுதியில் எழுதிவைத்ததால், அடுத்து வந்த செயலிகள் எல்லாம் அதைச் சுமக்க நேர்ந்தது. 2010இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் டிலே ஸ்லாட்டை அடியோடு விட்டுவிட்டதற்கு இந்த அனுபவம்தான் பின்னணி.

இன்று அந்த வேலையைச் செய்வது ஊகம். ஒரு முகவரியில் கிளை இருக்கிறது, போன தடவை அது எங்கே தாவியது என்பதைச் செயலி ஒரு சிறு அட்டவணையில் வைத்துக்கொள்கிறது. கட்டளையை எடுக்கும்போதே, அது கிளையா என்று பிரித்தறிவதற்கும் முன்னால், அட்டவணையைப் பார்த்து அடுத்த முகவரியை முடிவுசெய்கிறது. ஊகம் சரியானால் இழப்பு பூஜ்யம். தவறானால் மட்டும், உள்ளே வந்தவற்றை அழித்துவிட்டு இரண்டு சுற்றை இழக்கவேண்டும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி வரிசையில், ஐந்து படி கொண்ட சி-கிளாஸ் செயலியிலும் இத்தகைய ஊக அமைப்பு உண்டு.

எதை நினைவில் வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. போன தடவை என்ன நடந்தது என்பதை மட்டும் ஒரே பிட்டில் வைத்தால், திரும்பத் திரும்ப அழைக்கப்படும் ஒரு லூப்பில் ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு தவறு நேரும்: லூப் முடியும்போது ஒன்று, அடுத்த அழைப்பின் முதல் சுற்றில் இன்னொன்று, முடிந்ததையே நினைத்துக்கொண்டிருப்பதால். ஜேம்ஸ் ஸ்மித் 1981இல் வெளியிட்ட ஆய்வு, இதை ஒரு சிறிய எண்ணியால் கணிக்கலாம் என்று காட்டியது. இரண்டு பிட் கொண்ட எண்ணி, அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால்தான் தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது; லூப் முடியும் ஒரு தடவையை விதிவிலக்காகக் கடந்துவிடுகிறது. தவறு பாதியாகிறது. மேலே வரிசை மாற்றி எழுதிய லூப் இத்தகைய செயலியில் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு சுற்றே எடுக்கும், எந்த ஸ்லாட்டும் இல்லாமல்.

ஊகம் தோற்கும் இடமும் உண்டு. ஒழுங்கற்று வரும் எண்களில் ஒற்றைப்படை எண்கள் எத்தனை என்று எண்ணும் நிரலில், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கிளை இருந்தால், பழையது எதுவும் அடுத்ததைச் சொல்லாது. பாதி ஊகங்கள் பொய்யாகும். சராசரியாக எண்ணுக்கு ஒரு சுற்று வீண். அங்கே கிளையையே எடுத்துவிடலாம்:

```
andi t2, t0, 1
add  t1, t1, t2
```

எண்ணின் கடைசி பிட் ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0. அதை அப்படியே கூட்டினால் எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது. இரண்டே கட்டளைகள், இரண்டே சுற்றுகள். எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் இது மாறாது.