கூட்டல் வரிகள் கலந்த பட்டியல்: மாநகராட்சிக் கணக்கைச் சரியாகப் படிக்க

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, அதுவரை பல்லாவரம் நகராட்சியில் இருந்த குரோம்பேட்டை அதற்குள் வந்தது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் ஆயின. அடுத்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அதன்பின் ‘எங்கள் வார்டில் என்ன வேலை நடந்தது, எவ்வளவு செலவானது’ என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாகத்தான் கிடைக்கிறது. அதை எக்செலுக்கு மாற்றி, தொகை வாரியாக அடுக்கிப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சில் படிக்க வசதியாகப் போட்ட வரிகள் எல்லாம் மாற்றிய கோப்பிலும் தரவு போலவே உட்கார்ந்திருக்கும். வார்டு தலைப்பு, வார்டு முடிவில் துணைக்கூடுதல், பக்கத்தின் அடியில் ‘பக்கம் 4’, அடுத்த பக்கத்தில் மீண்டும் அதே தலைப்பு வரி, கடைசியில் மொத்தக் கூடுதல் என்று எதையும் எக்செல் வேறுபடுத்திப் பார்க்காது.

எடுத்துக்காட்டாக மூன்று வார்டுகள் மட்டும் உள்ள ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். வார்டு 1-க்கு 27,50,000 ரூபாய், வார்டு 2-க்கு 31,00,000, வார்டு 3-க்கு 25,50,000. உண்மையான செலவு 84 லட்சம். தொகைப் பத்தியை அப்படியே கூட்டினால் பணிகளின் தொகை ஒரு முறை, துணைக்கூடுதல்கள் வழியாக இன்னொரு முறை, மொத்தக் கூடுதல் வழியாக மூன்றாம் முறை சேர்ந்து 2 கோடியே 52 லட்சம் என்று வரும். இந்த எண் வாட்ஸ்அப் குழுவில் ‘ஊழல்’ என்ற சொல்லோடு சுற்றத் தொடங்கினால், பாதிக்கப்பட்டவர் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்குத் தொடுக்க இடமுண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த முறை நாம் உண்மையான குறையைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அடுக்கும்போது வரும் சேதம் வேறு வகை. தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மொத்தக் கூடுதல் முதலில் வந்து நிற்கும், துணைக்கூடுதல்கள் அதன் அடியில் வரும். தொகை இல்லாத வார்டு தலைப்புகள் எல்லாம் அடிமட்டத்துக்குப் போய்விடும். எந்தப் பணி எந்த வார்டைச் சேர்ந்தது என்ற செய்தி அந்த நொடியே தொலைந்தது. சேமித்து மூடியபின் திரும்பப் பெற வழியில்லை. வடிகட்டும்போதும் ஒரு பொறி உண்டு. நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால், எக்செல் பட்டியல் அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொண்டு அதற்குக் கீழே உள்ளவற்றை Filter-க்கு வெளியே விட்டுவிடும். அதனால் முழுப் பத்திகளையும் தேர்வு செய்த பிறகே Filter போட வேண்டும்.

தேவையற்ற வரிகளை அழிக்கப் பலர் எடுக்கும் குறுக்குவழி, Total, Sub, Page என்ற சொற்களைத் தேடி வந்ததையெல்லாம் நீக்குவது. தமிழும் ஆங்கிலமும் கலந்த நம் பட்டியல்களில் இது ஆபத்து. Sub என்று தேடினால் Sub Total மட்டுமா வரும்? Radha Nagar Subway என்று தொடங்கும் வடிகால் பணியும் சேர்ந்து வரும். Total என்று தேடினால் Total Station கருவியால் செய்த நில அளவைப் பணியும் போய்விடும். எனவே எது குப்பை என்று தேடாமல், எது பணி என்று அடையாளம் காண்பதே பாதுகாப்பான வழி. பணி வரியில் வரிசை எண் இருக்கும், தொகையும் இருக்கும். துணைக்கூடுதலில் தொகை மட்டும் இருக்கும், தலைப்பில் இரண்டுமே இருக்காது.

அதற்கு முன் இரண்டு ஏற்பாடுகள். வந்த பி.டி.எஃப். கோப்பைத் தொடாமல் தனியாக வையுங்கள், ஏனென்றால் கேள்வி வந்தால் காட்ட வேண்டிய ஆவணம் அதுதான். மாற்றிய எக்செலில் A பத்தியைப் புதிதாகச் செருகி, 1, 2, 3 என்று கடைசி வரி வரை எண்ணிடுங்கள். எவ்வளவு கலைந்தாலும் இந்த எண்ணை வைத்து அடுக்கினால் பழைய ஒழுங்கு திரும்பிவிடும். இப்போது B-யில் வரிசை எண்ணும் வார்டு தலைப்பும், C-யில் பணியின் பெயர், D-யில் தொகை இருப்பதாகக் கொள்வோம்.

தொகைகள் பல நேரம் எழுத்தாகவே வந்திருக்கும். 4,50,000/- என்று இருந்தால் எக்செலுக்கு அது எண் அல்ல, SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் தொகையைக் கண்டால் சந்தேகப்படலாம். E, F, G பத்திகளின் முதல் வரியில் தலைப்புக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வரியில் முறையே இந்த மூன்று சூத்திரங்களையும் இட்டுக் கீழே இழுங்கள்:

```
=IFERROR(VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(D2,",",""),"/-","")),"")
=IF(LEFT(TRIM(B2),6)="வார்டு",TRIM(B2),F1)
=IF(AND(ISNUMBER(VALUE(TRIM(B2))),ISNUMBER(E2)),"பணி","மற்றவை")
```

முதலாவது தொகையை எண்ணாக்குகிறது. இரண்டாவது, வார்டு தலைப்பைக் கண்டால் எடுத்துக்கொண்டு, அடுத்த தலைப்பு வரும்வரை ஒவ்வொரு வரிக்கும் அதையே எழுதிக்கொண்டு போகிறது. பக்கம் மாறினாலும் வார்டு விட்டுப்போகாது. அதில் 6 என்ற எண் இருப்பதைக் கவனியுங்கள். ‘வார்டு’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, ஆனால் துணைக்கால், புள்ளி, உகரக் குறி மூன்றையும் எக்செல் தனித்தனியாக எண்ணுவதால் ஆறு. உங்கள் பட்டியலில் தலைப்பு வேறு சொல்லில் இருந்தால் LEN கொண்டு அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். மூன்றாவது சூத்திரம் பணியையும் மற்றவற்றையும் பிரிக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ‘மற்றவை’ எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். துணைக்கூடுதல் வரிகள் அடுக்குவதற்கு இடைஞ்சல்தான். ஆனால் மாற்றும்போது எதுவும் தவறிப்போகவில்லை என்று சொல்லக்கூடிய சாட்சியும் அவைதான். சாட்சியை விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வார்டுக்கும் இப்படிக் கூட்டிப் பாருங்கள்:

```
=SUMIFS(E:E,F:F,"வார்டு 2",G:G,"பணி")
```

நம் எடுத்துக்காட்டில் வார்டு 1, 3 இரண்டும் அச்சிட்ட துணைக்கூடுதலோடு பொருந்துகின்றன. வார்டு 2 மட்டும் 31,00,000-க்குப் பதில் 26,50,003 என்று வருகிறது. அந்த மூன்று ரூபாய் ஒரு நல்ல துப்பு. அரசுப் பட்டியல்களில் தலைப்புக்குக் கீழே 1, 2, 3 என்று பத்தி எண்கள் ஒரு வரியாக இருக்கும். பக்கம் மாறியபோது அந்த வரி மீண்டும் வந்து, வரிசை எண் 1, தொகை 3 ரூபாய் என்று பணி வேடம் போட்டிருக்கிறது. அதன் G கட்டத்தில் ‘மற்றவை’ என்று கையால் எழுதினால் மிச்சம் 4,50,000 குறைவு. இப்போது வார்டு 2-இன் ‘மற்றவை’ வரிகளை மட்டும் வடிகட்டிக் கண்ணால் பாருங்கள். B கட்டத்தில் ‘17 பக்கம் 4’ என்றும், தொகையில் 4,50,000 என்றும் ஒரு வரி இருக்கும். பக்கத்தின் அடிக்குறிப்பு அந்தப் பக்கத்தின் கடைசிப் பணியோடு ஒட்டிக்கொண்டதால் வரிசை எண் எழுத்தாகிவிட்டது. 17 என்று திருத்தினால் அது பணியாகி, கணக்கு நேராகிறது. குருட்டுத்தனமாக அழித்திருந்தால் நாலரை லட்சம் ரூபாய் வேலை ஒன்று பட்டியலிலிருந்தே காணாமல் போயிருக்கும்.

வரிசை எண்ணும் தொகையும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் உள்ள வரியையும் விடாதீர்கள். நீளமான பணிப் பெயர் இரண்டு பக்கங்களில் உடைந்து, மிச்சப் பாதி அங்கே கிடக்கும். அதை உரிய பணியின் பெயரோடு சேர்த்துவிடுங்கள். எவ்வளவு தேடியும் ஒரு வார்டின் கூடுதல் பொருந்தாமல், பி.டி.எஃப்.-இல் ஒவ்வொரு தொகையையும் கையால் கூட்டினாலும் அதே வித்தியாசம் வந்தால், பிழை அச்சிட்ட பட்டியலிலேயே இருக்கிறது. அதைத் திருத்தாமல், பக்க எண்ணைக் குறிப்பிட்டு ஆணையருக்கு எழுதிக் கேளுங்கள்.

எல்லா வார்டும் பொருந்தியபின், அடுக்குவதற்கு முன் இன்னும் ஒரு வேலை. F பத்தி மேல் கட்டத்தைப் பார்த்து எழுதும் சூத்திரம் ஆதலால், அப்படியே அடுக்கினால் வார்டு பெயர்கள் தாறுமாறாகும். E, F, G மூன்றையும் நகலெடுத்து அதே இடத்தில் Paste Special வழியாக Values ஆக ஒட்டுங்கள். பிறகு ‘பணி’ வரிகளை வடிகட்டி வேறு தாளுக்கு நகலெடுங்கள், ‘மற்றவை’ வரிகளை இன்னொரு தாளில் A பத்தி எண்ணோடு வையுங்கள். முதல் தாளை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்.

இவ்வளவும் பி.டி.எஃப்.-இல் எழுத்து இருந்தால்தான் நடக்கும். சுட்டியால் ஒரு சொல்லைத் தேர்வு செய்ய முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். எழுத்தறியும் மென்பொருள் அதைப் படித்தாலும் எண்களில் பிழை விழும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாக வரும். அப்போது வார்டு தலைப்பு எந்தக் குறிகளாகத் தெரிகிறதோ அதையே சூத்திரத்தில் ஒட்ட வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையைத் தொடக்கத்திலேயே தவிர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 2(j) பிரிவு, கணினியில் உள்ள தகவலை மின்னணு வடிவில் பெறுவதையும் உரிமையாகவே சொல்கிறது. கேட்ட வடிவிலேயே தகவலைத் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்கிறது 7(9). அளவுக்கு மீறி அலுவலக வளம் செலவாகும் என்றாலோ, ஆவணம் பழுதாகும் என்றாலோ மட்டுமே மறுக்கலாம். ஆனால் இல்லாத பட்டியலைப் புதிதாகத் தயாரித்துத் தரச் சொல்ல முடியாது. 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே மனுவில் கேட்கும் விதம் முக்கியம். ‘இந்த ஆண்டில், இந்த வார்டுகளில் நடந்த பணிகளின் பட்டியல் தங்கள் அலுவலகக் கணினியில் எக்செல் கோப்பாக இருந்தால், அச்சிடாமலும் ஸ்கேன் செய்யாமலும் அதே கோப்பை, பிரிவு 2(j), 7(9) ஆகியவற்றின்படி மின்னணு வடிவில் தரவும்’ என்று எழுதுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணம் 10 ரூபாய்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, கோப்பு கேட்டதற்கு ஸ்கேன் படம் வந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே மாநகராட்சியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 19(1)-இன்படி எழுதலாம். அங்கும் தீராவிட்டால் 19(3)-இன்படி தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். மேல்முறையீட்டில் மனுவின் நகலோடு, வந்த ஸ்கேன் பக்கம் ஒன்றையும் இணைத்து, இதில் எண்களைத் தேடவோ கூட்டவோ முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் குறிப்பிடுங்கள்.