ஒரு தம்ப்நெயிலுக்குப் பத்து விநாடி

யூடியூபைத் திறந்து கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டே போகிறோம். தம்ப்நெயில்கள் வரிசையாக வந்து போகின்றன. அவற்றில் ஏதாவது ஒரு படத்தின் பாதியாவது திரையில் ஒரு விநாடிக்கு மேல் நின்றுவிட்டால், அந்த வீடியோவின் கணக்கில் ஒரு இம்ப்ரெஷன் ஏறிவிடும். நாம் அதைத் தொட வேண்டியதில்லை, கவனித்திருக்கக்கூட வேண்டியதில்லை. யூடியூப் தன் திரையில் அந்த வீடியோவுக்கு ஒரு முறை இடம் கொடுத்தது என்பதுதான் இம்ப்ரெஷனுக்குப் பொருள்.

அதே இடத்தை இன்னொரு வீடியோவுக்கும் கொடுத்திருக்கலாம். அதனால், கொடுத்த இடத்துக்கு என்ன கிடைத்தது என்று யூடியூப் பார்க்கிறது. சேனல் நடத்துகிறவர்களோ வியூஸைப் பார்ப்பார்கள், லைக்கைப் பார்ப்பார்கள், நூறு பேருக்குக் காட்டினால் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற சதவீதத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒரே ஒரு எண்ணை மட்டும்தான் பார்க்கலாம் என்றால் நான் எடுப்பது வேறொன்று: ஒரு இம்ப்ரெஷனுக்கு எத்தனை விநாடி பார்க்கப்பட்டது?

இந்த எண்ணின் அருமை புரிய 2012-க்குப் போக வேண்டும். அதுவரை பரிந்துரையில் கிளிக்குக்குத்தான் மவுசு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க யூடியூபில் 'ரிப்ளை கேர்ள்ஸ்' என்று ஒரு கூட்டத்தைப் பற்றி ஏகப்பட்ட புலம்பல். யாராவது ஒரு பிரபலத்தின் வீடியோவுக்குப் பதில் என்ற பெயரில் எதையாவது பேசிப் போடுவார்கள். தம்ப்நெயிலில் கழுத்து இறங்கிய உடை. பிரபல வீடியோவுக்குப் பக்கத்திலேயே அது தென்படும், ஆட்கள் கிளிக் செய்வார்கள், சில விநாடிகளில் வெளியேறிவிடுவார்கள். ஓடிப்போனவர்களைப் பற்றி அந்தக் கணக்குக்குக் கவலையில்லை. கிளிக் விழுந்ததால் வீடியோவை இன்னும் பலருக்குக் காட்டியது.

அந்த ஆண்டுதான் பரிந்துரையின் அடிப்படையை யூடியூப் பார்க்கும் நேரத்துக்கு மாற்றியது. மாற்றியவுடன் வியூஸ் 20 சதவீதம் சரிந்தது என்று அந்நிறுவனத்தின் கிறிஸ்டோஸ் குட்ரோ 2021-இல் எழுதியிருக்கிறார். சரிவைப் பார்த்த பிறகும் அவர்கள் பின்வாங்கவில்லை.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு சமையல் சேனலில் இரண்டு பிரியாணி வீடியோக்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதன் தலைப்பு 'இப்படி ஒரு பிரியாணியை வாழ்க்கையில சாப்பிட்டிருக்கவே மாட்டீங்க!' தம்ப்நெயிலில் வாயைப் பிளந்த முகம், சிவப்பு அம்புக்குறி. இரண்டாவது, 'அரை கிலோ சீரகச் சம்பா, குக்கரில் பிரியாணி.' படத்தில் குக்கரும் உதிரி உதிரியான சோறும், அவ்வளவுதான். இரண்டும் ஏழெட்டு நிமிட வீடியோக்கள். இரண்டுக்கும் 10,000 இம்ப்ரெஷன் கிடைத்திருக்கிறது.

வாய் பிளந்த வீடியோவை 9 சதவீதம் பேர் கிளிக் செய்கிறார்கள். 900 பேர். ஆனால் சராசரியாக 1 நிமிடம் 10 விநாடிதான் தங்குகிறார்கள். மொத்தம் 63,000 விநாடி, ஒரு இம்ப்ரெஷனுக்கு 6.3 விநாடி. குக்கர் வீடியோவுக்கு 4 சதவீதம்தான் கிளிக், 400 பேர். அவர்கள் சராசரியாக 4 நிமிடம் 30 விநாடி பார்க்கிறார்கள். மொத்தம் 1,08,000 விநாடி, இம்ப்ரெஷனுக்கு 10.8 விநாடி. கிளிக்கில் பாதியைக்கூடத் தொடாத வீடியோ, கொடுத்த இடத்துக்குக் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடுதலாகத் திருப்பித் தந்திருக்கிறது.

கிளிக் சதவீதம் தம்ப்நெயிலும் தலைப்பும் கொடுத்த ஆசையைச் சொல்கிறது. சராசரிப் பார்வை நேரம் உள்ளே வந்தவருக்குக் கிடைத்ததைச் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் இந்த எண். ஆசை காட்டி ஏமாற்றினால் இரண்டாவது விழும். நல்ல சரக்கை மோசமான தலைப்புக்குள் ஒளித்து வைத்தால் முதலாவது விழும். எப்படியானாலும் பெருக்குத்தொகையில் தெரிந்துவிடும்.

இது வெளியில் இருக்கிறவர்கள் ஊகித்துச் சொன்ன கணக்கு அல்ல. 2016-இல் பாஸ்டனில் நடந்த ரெக்சிஸ் மாநாட்டில் யூடியூபின் பொறியாளர்கள் பால் கவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்கின் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து முதலில் சில நூறைப் பொறுக்கி, பிறகு அவற்றை ஒவ்வொருவருக்கும் ஏற்ப வரிசைப்படுத்துகிறோம் என்று அதில் விளக்கினார்கள். வரிசைப்படுத்துவதற்கான இலக்கு பொதுவாக ஒரு இம்ப்ரெஷனுக்கு எதிர்பார்க்கும் பார்வை நேரத்தை ஒட்டியது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

எந்திரத்துக்கு அதைப் பழக்கிய விதம் அழகானது. கிளிக் ஆகாத இம்ப்ரெஷன் ஒவ்வொன்றுக்கும் எடை 1. கிளிக் ஆனதற்கு எத்தனை விநாடி பார்த்தார்களோ அத்தனை எடை. இப்படிப் பழகும்போது எந்திரம் கற்றுக்கொள்ளும் விகிதம், மொத்தப் பார்வை நேரத்தைக் கிளிக் ஆகாத இம்ப்ரெஷன்களால் வகுத்த எண். குக்கர் பிரியாணிக்கு 1,08,000-ஐ 9,600-ஆல் வகுத்தால் 11.25. நாம் போட்ட கணக்கில் 10.8. கிளிக் செய்பவர்கள் எப்போதும் சொற்பம் என்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. எந்திரம் காட்டுவதற்கு முன்பே, இந்த ஆளுக்கு இந்த வீடியோ என்று தனித்தனியாக ஊகிக்கிறது. நாம் போடுவது எல்லாம் முடிந்த பிறகு எடுக்கும் சராசரி.

சேனல் வைத்திருப்பவர்கள் யூடியூப் ஸ்டூடியோவில் இதைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் எடுக்கும் எண் சரியாக இருக்க வேண்டும். மொத்தப் பார்வை நேரத்தை இம்ப்ரெஷனால் வகுப்பதுதான் பலரும் விழும் குழி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த லிங்க் வழியாக வந்தவர்கள் பார்த்த நேரமும் அந்த மொத்தத்தில் இருக்கும். அவர்களுக்கு யூடியூப் தம்ப்நெயில் காட்டவில்லை, இம்ப்ரெஷன் ஏறவில்லை. நம் குக்கர் வீடியோவை அப்படி இன்னொரு 20 மணி நேரம் பார்த்திருந்தால், எண் 10.8-லிருந்து 18-க்குத் தாவிவிடும். பரிந்துரைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அதற்காகத்தான் ஸ்டூடியோவில் `Watch time from impressions` என்று தனியாக ஒரு எண் இருக்கிறது. அது மணிக்கணக்கில் வரும். 3,600-ஆல் பெருக்கி இம்ப்ரெஷனால் வகுத்தால் போதும்: 30 மணி நேரம், 10,000 இம்ப்ரெஷன், 10.8 விநாடி.

தேடிவந்து பார்த்தவர்களையும் பிரித்துவிடுவது நல்லது. 'குக்கர் பிரியாணி அளவு' என்று டைப் செய்து வருகிறவர் முன்னமே முடிவோடு வருகிறார், நின்று பார்ப்பார். முகப்புப் பக்கத்தில் சும்மா தள்ளிக்கொண்டிருப்பவரிடம் அந்த வீடியோ எப்படி எடுபட்டது என்று தெரிய வேண்டுமானால், `Browse features` என்ற வரிசையின் பார்வை நேரத்தையும் இம்ப்ரெஷனையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம் வெற்றி பெறும் வீடியோவில்தான் வரும். புது வீடியோ முதல் நாளில் பெரும்பாலும் சேனலை ஏற்கெனவே பார்க்கிறவர்களுக்குப் போகிறது. 2,000 இம்ப்ரெஷன், 12 சதவீதக் கிளிக், சராசரி 5 நிமிடம் என்றால் இம்ப்ரெஷனுக்கு 36 விநாடி. யூடியூபுக்குப் பிடித்துப்போய், சேனலைக் கேள்விப்பட்டிராதவர்களுக்கும் காட்டத் தொடங்குகிறது. இன்னும் 50,000 இம்ப்ரெஷன். அவர்களில் 3 சதவீதம் பேர் கிளிக் செய்து 3 நிமிடம் பார்த்தால், அந்தப் பகுதிக்கு 5.4 விநாடிதான். இரண்டும் சேர்ந்து திரையில் 6.6 என்று நிற்கும். முப்பத்தாறிலிருந்து ஆறரைக்கு வந்துவிட்டதே என்று பதறி, நள்ளிரவில் தம்ப்நெயிலை மாற்றுகிறவர்கள் உண்டு. வீடியோ கெட்டுப்போகவில்லை, பார்க்கிற கூட்டம்தான் மாறியிருக்கிறது. ஒப்பிடுவதானால், அதே சேனலின் இன்னொரு வீடியோ 50,000 இம்ப்ரெஷனைத் தாண்டியபோது எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும்.

நீளமான வீடியோவுக்கு இந்த எண்ணில் இயல்பாகவே சலுகை உண்டு. 4 நிமிட வீடியோவை 5 சதவீதம் பேர் கிளிக் செய்து அத்தனை பேரும் கடைசி வரை பார்த்தாலும் 12 விநாடிதான் கிடைக்கும். ஒரு மணி நேரப் பேட்டியை 2 சதவீதம் பேர் திறந்து, கால்வாசி பார்த்துவிட்டு மூடினாலே 18 விநாடி. சுருக்கமாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு இது அநியாயம்தான். ஆகவே பத்து நிமிட வீடியோவைப் பத்து நிமிட வீடியோவோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லாமல் கணக்கு சுத்தமாக வருகிற இடம் ஒன்று உண்டு. ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை கொடுத்து, யூடியூபையே சோதிக்கச் சொல்லலாம். ஸ்டூடியோவிலேயே அதற்கு வசதி இருக்கிறது. நீளம் ஒன்று, உள்ளடக்கம் ஒன்று, கூட்டமும் ஒன்று. படங்களை ஏறக்குறைய சமமாகப் பிரித்துக் காட்டி, பார்வை நேரத்தில் அதிகப் பங்கு கொண்டுவந்த படத்தை வென்றதாக அறிவிக்கிறார்கள். கிளிக்கை அளவாக வைக்கவில்லை. சமமாகக் காட்டிவிட்டு நேரத்தில் பங்கு பார்ப்பது இம்ப்ரெஷனுக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பதேதான்.

ஆனால் பார்த்தவர் திருப்தியாக எழுந்தாரா, எரிச்சலோடு எழுந்தாரா என்று விநாடிக்குத் தெரியாது. 'ரகசிய மசாலா என்னன்னு கடைசியில சொல்றேன்' என்று ஆறு நிமிடம் உட்கார வைத்துவிட்டு ஏலக்காய் என்று சொன்னாலும் எண் ஏறத்தான் செய்யும். யூடியூபுக்கும் இது தெரியும். பார்த்த வீடியோவுக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கேட்டு அவ்வப்போது ஒரு கேள்வி வருகிறதே, அது இதற்காகத்தான். நான்கோ ஐந்தோ கொடுத்த நேரத்தை மட்டும் மதிப்புள்ள நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் பதில் சொல்வதில்லை, அதனால் சொன்னவர்களை வைத்து மற்றவர்களின் பதிலையும் எந்திரம் ஊகிக்கிறது. அந்த நட்சத்திரங்கள் சேனல்காரர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதில் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது, திரும்பி வரும் பார்வையாளர்களின் எண்ணிக்கை. இம்ப்ரெஷனுக்கான விநாடி மாதாமாதம் ஏறிக்கொண்டே போய், திரும்பி வருகிறவர்கள் மட்டும் அப்படியே நின்றால், ஆறாவது நிமிடத்து ஏலக்காயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.