எதிர்ச்சுவரில் விழுந்த வெயில்

மதுரை மேல மாசி வீதியின் மேற்கு வரிசையில், முதல் மாடியில் ஓர் அறை. அங்கே நண்பர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறார். தெருவைப் பார்த்து நாலடி அகலத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அறையைப் பிடிக்கும்போதே கணக்குப் போட்டுத்தான் பிடித்தார். "கிழக்குப் பார்த்த ரூமுண்ணே. காலையில பத்து மணி வரைக்கும்தான் வெயில் அடிக்கும். நான் கடை தெறக்கிறதே பத்தரைக்கு."

கணக்கு சரிதான். ஆனால் தொல்லை மூன்று மணிக்கு மேல் வந்தது. கருஞ்சிவப்புப் பின்னணியில் தங்க எழுத்து என்பது நம் ஊர்ப் பத்திரிகைகளில் என்றைக்கும் ஓடும் சரக்கு. மதியத்துக்கு மேல் அவர் திரையில் அந்தக் கருஞ்சிவப்பு, செங்கல் பொடி தூவியதுபோல் வெளிறிவிடும். மானிட்டரின் வெளிச்சத்தை நூறுக்கு ஏற்றிப் பார்த்தார். போதவில்லை. நிறத்தை ஒரு படி ஆழமாக்கினார். அச்சாகி வந்த பத்திரிகையைக் கையில் வாங்கிய பெண்ணின் அப்பா, சுட்ட கத்தரிக்காய் நிறத்தைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்றாராம். மை சரியில்லை என்று நினைத்துப் பழைய கோப்பு ஒன்றை மறுபடி அச்சடித்துப் பார்த்தார். அது ஒழுங்காகவே வந்தது. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "இது மேட் ஸ்கிரீனுண்ணே. பேசாம கிளாஸி வாங்கிரட்டுமா? கலர் பளிச்சுனு இருக்குமாமே."

நான் போனபோது மணி நாலு. மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். எதிரே மூன்று மாடிக் கட்டடம். புதிதாக வெள்ளை அடித்த அதன் மேற்குப் பார்த்த சுவர் முழுக்க மாலை வெயில். வெயில் இந்த அறைக்குள் வரவில்லை, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

மானிட்டர் பெட்டியில் 250 நிட், 300 நிட் என்று போட்டிருக்கும். ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. திரையில் வெள்ளைப் பக்கம் திறந்திருந்தால் அதுதான் உச்சம். மாலை வெயில் விழும் வெள்ளைச் சுவரோ சுமார் 15,000 நிட் வரை போகும். பூச்சு எதுவும் இல்லாத கண்ணாடி, தன் மேல் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 15,000-இல் 4 சதவீதம் 600. திரையின் வெள்ளையே 250 தான் என்றால், அதன்மேல் எதிர்ச்சுவர் 600-ஆக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் பயன்படுத்தும் கருஞ்சிவப்பை அந்த மானிட்டர் காட்டும்போது அதிலிருந்து வருவது ஐந்தாறு நிட் மட்டுமே. அதன்மேல் 20 நிட் அந்நிய வெளிச்சம் படிந்தாலே கதை முடிந்தது.

மேட் திரை இந்த ஒளியைக் குறைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். குறைக்காது, கலைக்கும். அதன் மேல் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கும். பளபளப்பான திரையில் கண்ணாடிபோல் ஒரே திசையில் திரும்பும் ஒளி, இங்கே பல திசைகளிலும் சிதறும். ஜன்னலின் ஓரம், கம்பி, எதிர்வீடு எல்லாம் உருவமிழந்து ஒரு வெளிறிய மூட்டமாகிவிடும். எழுத்து வேலைக்கு அது பெரிய உபகாரம். கண்ணை இழுக்கும் உருவம் எதுவும் இல்லாததால் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தை நிம்மதியாகப் படிக்கலாம். கறுப்பும் கருஞ்சிவப்பும் வேண்டுகிறவருக்கோ அந்த மூட்டமே எமன். இன்னொரு விலையும் உண்டு. படலம் முரடாக இருந்தால் வெள்ளைப் பரப்பில் பொடிப்பொடியாக மினுங்கும், சின்ன எழுத்தில் ஙகரத்தின் வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும் ஓரம் மழுங்கித் தெரியும்.

அவர் மகளின் மடிக்கணினி பளபளப்புத் திரை. அதை வாங்கி மானிட்டர் இருந்த இடத்திலேயே வைத்து, கருஞ்சிவப்புப் பத்திரிகையைத் திறந்தோம். ஜன்னல் விழாத மூலையில் நிறம் அருமையாக இருந்தது. நடுவில், "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் இடத்தில், எதிர் மாடிக் கொடியில் காய்ந்த நீலச் சேலை ஆடிக்கொண்டிருந்தது. கிளாஸி ஆசை அங்கேயே பாதி அடங்கியது.

பளபளப்புத் திரை எல்லாமே 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புபவை அல்ல. எதிரொளியைத் தின்னும் மெல்லிய பூச்சு இருந்தால் அந்த அளவு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். திரையை அணைத்துவிட்டுக் குழல்விளக்கின் எதிரொளியைப் பாருங்கள். அது வெள்ளையாக இல்லாமல் ஊதாவோ பச்சையோ பாய்ந்து மங்கலாகத் தெரிந்தால் பூச்சு இருக்கிறது. விலை குறைந்த திரைகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் 15,000-இல் 1 சதவீதம் 150 நிட். அந்த ஜன்னலுக்கு அது போதாது.

ஆக, திரையை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்ற வேண்டும். முகம் மழிக்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி, அவரை வழக்கம்போல் உட்காரச் சொல்லி, திரையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் படுக்கையாகப் பதித்துக் காட்டினேன். அதில் அவர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதுதான் திரையில் விழும். நடுவில் ஜன்னல், இடப்பக்கம் கதவு, மேல் மூலையில் குழல்விளக்கு.

"லேசாத் திருப்பி வச்சா போதுமாண்ணே?" என்றார். சின்ன அறையில் போதாது. 24 அங்குலத் திரையின் அகலம் 53 செ.மீ. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். பின்சுவர் திரையிலிருந்து 3 மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் அந்தச் சின்னத் திரை, பின்சுவரில் 3 மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தை அள்ளிக்கொண்டு வந்து காட்டும். பத்தடி அறை என்றால் பின்சுவர் முழுவதும் திரைக்குள் வந்துவிடுகிறது. பத்து டிகிரி திருப்பினால், நடுவில் இருந்த ஜன்னல் ஓரத்துக்கு நகருமே ஒழிய வெளியே போகாது.

அவருக்கு அடுத்துத் தோன்றிய யோசனை, மேசையை அப்படியே சுற்றி ஜன்னலைப் பார்த்து உட்காருவது. திரையில் ஜன்னலின் எதிரொளி அறவே இருக்காது, உண்மைதான். ஆனால் 250 நிட் திரைக்குப் பின்னால் 15,000 நிட் சுவர் நிற்கும். கண் அந்தச் சுவருக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும், திரை மங்கி இருட்டாகத் தெரியும். ஒரு மணி நேரத்தில் புருவம் வலிக்கும்.

மிச்சமிருப்பது ஜன்னல் பக்கவாட்டில் வருவதுபோல் உட்காருவது. பார்வை போகும் திசையும் ஜன்னல் சுவரும் இணையாக ஓட வேண்டும். வடக்குப் பார்த்தும் உட்காரலாம், தெற்குப் பார்த்தும் உட்காரலாம். அவர் வீட்டில் வாஸ்து பார்ப்பவர்கள் உண்டு என்பதால் வடக்கு உடனே தேர்வானது. ஒளியியலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மேசையை ஜன்னலை ஒட்டிப் போடாமல் நாலடி உள்ளே தள்ளிப் போட்டோம்.

மறுபடி கண்ணாடிச் சோதனை. இப்போது தெரிந்தது தெற்குச் சுவர், அதில் பளீரென்று குழல்விளக்கு, நடுவில் வெள்ளைச் சட்டையோடு அவர். விளக்கைக் கழற்றித் தலைக்கு மேல், கொஞ்சம் பக்கவாட்டில், பார்வைத் திசையோடு நீளவாக்கில் மாட்டினார் எலக்ட்ரீஷியன். திரையை மேல்நோக்கிச் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னேன். ஐந்து டிகிரி சாய்த்தால் எதிரொளிப் பார்வை பத்து டிகிரி மேலே ஏறும், கூரை விளக்கை அது தேடிப் பிடித்துவிடும். நட்டமாக நிறுத்தினால் பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

பளபளப்பு மடிக்கணினியை அதே புதிய இடத்தில் வைத்துப் பார்த்தோம். கருஞ்சிவப்பு பட்டுச்சேலைபோல் ஆழமாக இருந்தது. பக்கத்தில் மேட் மானிட்டர், முன்பைவிட எவ்வளவோ தேவலை, ஆனாலும் லேசான மூட்டம். காரணம் இருக்கிறது. பக்கவாட்டு ஜன்னலின் ஒளி பளபளப்புத் திரையில் பட்டால் மறுபக்கம் சறுக்கிப் போய்விடும், கண்ணுக்கு வராது. மேட் பரப்போ எந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒளியையும் பிடித்து, அதில் கொஞ்சத்தைக் கண் பக்கமும் தெறிக்கவிடும். கெட்ட இடத்தில் கைகொடுப்பது மேட், நல்ல இடத்தில் ஜெயிப்பது கிளாஸி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, அவர்கள் நம் அறையைப் பார்த்ததில்லை.

அவர் புது மானிட்டர் வாங்கவில்லை. இரண்டு கறுப்புச் சார்ட் அட்டையை வெட்டி, மானிட்டரின் வலப்பக்கமும் மேலும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினோம். குதிரைக்குக் கண்பட்டை கட்டியதுபோல் இருந்தது, மூட்டம் போனது. பளபளப்புத் திரையில் மேட் பிலிம் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படலம் புள்ளிகளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, எழுத்து அவ்வளவு மழுங்கும். அட்டை மேல்.

மேல மாசி வீதியில் இப்படி ஜெயித்த தெம்பில் மேலூர்ப் பக்கம் கோட்டைவிட்டேன். வயல்வெளியில் தனி வீடு, எதிர்ச்சுவர் கிடையாது. என் அக்கா மகன் மதியம் தொடங்கி இரவு முடியும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். "வடக்கு ஜன்னல்தான் உத்தமம், அதுல வெயிலே வராது" என்று சொல்லி, வடக்கு ஜன்னல் இடக்கைப் பக்கம் வரும்படி, கிழக்குப் பார்த்து உட்காரவைத்தேன். தை, மாசி, பங்குனி எல்லாம் சொகுசாகப் போனது. ஜூனில் போன் வந்தது. "மாமா, நாலரை மணியானா ஸ்கிரீன்லயே வெயில் அடிக்குது."

வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்பது ஐரோப்பாக்காரர்களின் ஓவியக்கூடத்து அறிவு. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாட்களிலேயே நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, வடக்கே தாண்டிவிடும். ஆகஸ்ட் கடைசியில், ஆவணி பாதிக்குச் சற்று முன்னால், மறுபடி உச்சியைத் தொட்டுத் தெற்கே திரும்பும். (கோயிலைச் சுற்றிச் சித்திரைக்கு ஒரு வீதி, ஆவணிக்கு ஒரு வீதி. அது திருவிழாக் கணக்கு, ஆனாலும் பொருத்தம் நன்றாக இருக்கிறது.) இடைப்பட்ட நாலு மாதமும் வடக்குச் சுவருக்குத்தான் வெயில். நடுப்பகலில் சூரியன் உயரே இருப்பதால் சன்ஷேடு தடுத்துவிடும். மாலையில் வடமேற்கே தாழ்ந்து, சுவரை உரசுவதுபோல் சாய்வாக வரும் கதிரை அது தடுக்காது. அந்தக் கதிர் ஜன்னலுக்குள் நுழைந்து கிழக்கு நோக்கிப் போகும், வழியில் மேற்குப் பார்த்தபடி நிற்கிறது இவன் மானிட்டர். நேர் வெயில் விழுந்தால் மேட்டும் ஒன்றுதான், கிளாஸியும் ஒன்றுதான்.

மேசையை மறுபக்கம் திருப்பி மேற்குப் பார்த்து உட்காரச் சொன்னேன். திரை கிழக்கே பார்க்கும், மாலைக் கதிர் அதன் முதுகில்தான் படும். காலை வெயில் திரையில் விழலாம், அந்நேரம் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். எல்லாம் சரி, மேற்குப் பார்த்து உட்கார்ந்து சம்பாதிக்கிறதாவது என்று அக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னந்தட்டி தொங்கியது. ஆவணி பாதி வரைக்கும் தினமும் நாலு மணிக்கு அதை இறக்குவது அவள் வேலை.